‘மறுபடி எழுது’ என்ற அவசரம்

ஐஎல்ட்ஸ் முடிவு வந்து, ஏதாவது ஒரு பகுதியில் அரை பேண்ட் குறைந்து நிற்பவருக்கு நம் ஊரில் கிடைக்கும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதே, அடுத்த தேதிக்குப் பதிவு செய். கோச்சிங் சென்டர் சொல்வதும் இதுதான், ஏற்கெனவே வெளிநாடு போய்விட்ட அண்ணனோ அக்காவோ சொல்வதும் இதுதான். காரணம் கேட்டால் மூன்று சொல்வார்கள். தேர்வு நடத்துகிறவர்கள் தங்கள் தவறைத் தாங்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மறுமதிப்பீடு என்பதே பணம் பிடுங்கும் வழி. இன்னொரு முறை எழுதினால் எப்படியும் மார்க் ஏறும். இந்த மூன்றில் ஒன்றுகூட முழுமையாக நிற்காது என்பதே என் வாதம். எல்லோரும் மறுமதிப்பீடு கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் கேட்கத் தேவையில்லை. ஆனால் ரைட்டிங்கிலோ ஸ்பீக்கிங்கிலோ அரை பேண்டில் தவறியவருக்கு, முழுத் தேர்வையும் திரும்ப எழுதுவதைவிட மறுமதிப்பீடே முதலில் எடுக்க வேண்டிய அடி.

முதலில் அந்த ஏற்பாடு என்ன என்று பார்ப்போம். ஈ.ஓ.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் இந்த விண்ணப்பத்தை, தேர்வு எழுதிய ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் நான்கில் எதெதை மறுபடி பார்க்க வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விடைகளைப் பார்ப்பவர் மூத்த தேர்வாளர். முதலில் என்ன மதிப்பெண் போடப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. ஸ்பீக்கிங் நேர்காணல் முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படுவதால் அவர் அந்தப் பதிவைக் கேட்டு மதிப்பிடுகிறார். முடிவு சில நாளிலும் வரலாம், மூன்று வாரமும் ஆகலாம். பேண்ட் மாறினால் கட்டிய கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். நம்மில் பலருக்கு ‘மறுமதிப்பீடு’ என்றதும் பிளஸ் டூ விடைத்தாள்தான் நினைவுக்கு வரும். அங்கே முதலில் விடைத்தாள் நகல் வாங்குகிறோம், கூட்டலில் பிழையா, ஒரு பதிலைத் திருத்தாமல் விட்டார்களா என்று கண்ணால் பார்க்கிறோம், பிறகுதான் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்கிறோம். ஐஎல்ட்ஸில் நகல் கிடையாது. எதையும் பார்க்காமலே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதைச் சூதாட்டம் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் விடைத்தாளைப் பார்க்காமலே கணக்குப் போட வழி இருக்கிறது. அந்தக் கணக்கு ரைட்டிங் மதிப்பெண் எப்படி உருவாகிறது என்பதில் இருக்கிறது.

ரைட்டிங்கில் இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதற்கு 250 சொல். ஒவ்வொன்றும் நான்கு அளவுகோல்களில் மதிப்பிடப்படுகிறது: கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாரா, கருத்துகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடுகின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணத்தின் வகையும் துல்லியமும் எப்படி. ஆக ஒருவருடைய ரைட்டிங் பேண்டுக்குப் பின்னால் எட்டு தனித்தனித் தீர்ப்புகள் இருக்கின்றன. இரண்டாம் கேள்விக்கு முதல் கேள்வியைப்போல் இரண்டு மடங்கு எடை. இதைக் கணக்காக எழுதினால், முதல் கேள்வியில் ஏதாவது ஓர் அளவுகோலில் ஒரு பேண்ட் கூடினால் மொத்த ரைட்டிங் மதிப்பெண் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.08 ஏறும். இரண்டாம் கேள்வியில் அதே மாற்றம் நடந்தால் ஆறில் ஒரு பங்கு, 0.17 ஏறும். இப்படி வரும் எண்ணைத்தான் அரைப் பேண்டுகளாகச் சுருக்கித் தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நமக்குத் தெரிவது சுருக்கிய எண் மட்டுமே, அதற்குப் பின்னாலிருக்கும் எண் தெரியாது.

இதன் விளைவைக் கவனியுங்கள். 6.0 வாங்கிய இருவரில் ஒருவர் அந்த அரைப் பேண்டின் அடியில் இருக்கலாம், இன்னொருவர் உச்சி விளிம்பில் இருக்கலாம். அடியில் இருப்பவர் 6.5க்குப் போக வேண்டுமானால், இரண்டாம் கேள்வியின் நான்கு அளவுகோல்களில் மூன்றிலாவது தேர்வாளர் மனம் மாற வேண்டும். அது நடப்பது அரிது. விளிம்பில் இருப்பவருக்கோ, எட்டில் ஒரே ஒரு தீர்ப்பு ஒரு படி ஏறினால் போதும். ‘சொல்வளம் ஆறா ஏழா’ என்பது தகுதியுள்ள, நேர்மையான இரண்டு தேர்வாளர்கள் வேறுபடக்கூடிய கேள்விதான். இதில் யாருடைய அலட்சியமும் தேவையில்லை. எனவே ரைட்டிங் மறுமதிப்பீடு என்பது ஒருவர் செய்த தவறைப் பிடிக்கிற வேலை மட்டுமல்ல. ஒரே விடைத்தாளை இரண்டாவது முறை அளந்து பார்க்கிற வேலையும்தான். ‘அவர்கள் தவறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்’ என்ற முதல் காரணம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது. ஒப்புக்கொள்ள அங்கே ஒரு தவறு இருந்தாக வேண்டும் என்பதில்லை. முதல் மதிப்பெண்ணைப் பார்க்காத இரண்டாமவருக்குக் காப்பாற்றவேண்டிய கௌரவமும் இல்லை.

ஸ்பீக்கிங்கில் இந்த வாதம் இன்னும் வலுவாகிறது. பதினொன்று முதல் பதினான்கு நிமிடம் வரை நடக்கும் அந்த நேர்காணலில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவரேதான் மதிப்பெண்ணும் போடுகிறார். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும் சம எடை. ஓர் அளவுகோலில் ஒரு பேண்ட் மாறினாலே கால் பேண்ட் நகர்ந்துவிடும். பேசவும் வேண்டும், கேள்வியட்டையைப் பார்க்கவும் வேண்டும், கடிகாரத்தைக் கவனிக்கவும் வேண்டும், இவற்றோடு மதிப்பிடவும் வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர் போட்ட எண்ணையும், பதிவை நிதானமாகக் கேட்பவர் போடும் எண்ணையும் ஒப்பிட்டால் இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே விசித்திரம்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போக விரும்பும் ஒரு செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்டின் செவிலியர் பதிவு அமைப்பான என்.எம்.சி. கேட்பது மொத்தத்தில் 7, லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் ஒவ்வொன்றிலும் 7, ரைட்டிங்கில் மட்டும் 6.5. நம் செவிலியர் வாங்கியது லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. நான்கையும் கூட்டினால் 27.5. நான்கால் வகுத்தால் 6.875, அது 7 ஆகச் சுருங்குகிறது. மொத்தம் தேறிவிட்டது. மூன்று பகுதிகள் தேறிவிட்டன. ரைட்டிங்கில் அரை பேண்ட் மட்டும் இல்லை. இவருக்கு ‘மறுபடி எழுது’ என்று சொல்கிறவர், ரீடிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் சரியாக எல்லைக்கோட்டில், ஒரு மயிரிழைகூட மிச்சமில்லாமல் நிற்கும் ஒருவரை அந்த இரண்டையும் திரும்ப எழுதச் சொல்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்.

மூன்றாவது காரணம் உடைவது இங்கேதான். எந்தத் தேர்விலும் ஒருவருடைய திறமை மாறாமலே மதிப்பெண் மட்டும் முன்பின்னாக வரும். அன்று வந்த கேள்வித்தாள், அன்றைய தூக்கம், படித்த விஷயமே ரீடிங் பகுதியாக வந்துவிடும் அதிர்ஷ்டம் எல்லாம் அதில் சேரும். இந்த ஊசலாட்டத்தைத் தேர்வு நடத்துபவர்களே அளந்து வெளியிடுகிறார்கள். லிசனிங்குக்கும் ரீடிங்குக்கும் அது அரை பேண்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது. சின்ன எண்தான், ஆனால் அரைப் பேண்டில் வாழ்க்கை தீர்மானமாகும் இடத்தில் அது சின்னதில்லை. இன்று ரீடிங்கில் 7 வாங்கியவர் அடுத்த மாதம் அதே திறமையோடு 6.5 வாங்குவது இயல்பாக நடக்கக்கூடியது. அந்தச் செவிலியர் மறுமுறை எழுதி, ரைட்டிங்கில் 6.5 வாங்கி, ரீடிங்கில் 6.5க்கு விழுந்தால் என்ன ஆகும்? என்.எம்.சி. சில நிபந்தனைகளோடு இரண்டு தேர்வு முடிவுகளைச் சேர்த்துக்கொள்ள அனுமதிப்பதால் அவர் தப்பிக்கலாம். அப்படிச் சேர்க்க அனுமதிக்காத பல்கலைக்கழகமாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மறுமதிப்பீட்டைச் சூதாட்டம் என்று அழைப்பவர்கள் நான்கு பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்கிறார்கள். மறுமதிப்பீட்டில் உருளுவது ஒரே ஒரு பகடை, அதுவும் ஏற்கெனவே எழுதி முடித்த தாளின் மீது.

மொத்த மதிப்பெண் சுருங்கும் விதமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். சராசரி .25 ஆக வந்தால் மேலே இருக்கும் அரைக்குப் போகும், .75 ஆக வந்தால் மேலே இருக்கும் முழு எண்ணுக்குப் போகும். 6.5, 6, 6, 6 வாங்கியவரின் சராசரி 6.125, மொத்தம் 6. அவருடைய ஸ்பீக்கிங் அரை பேண்ட் ஏறினால் சராசரி 6.25 ஆகி மொத்தம் 6.5 ஆகிவிடும். ஒரு பகுதியின் அரை பேண்ட் மொத்தத்தையும் அரை பேண்ட் தூக்குகிறது. இப்படி விளிம்பில் நிற்கிறோமா என்பதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை, கூட்டி நான்கால் வகுத்தால் போதும். இதைச் செய்யாமலே ‘எனக்கு 6தான்’ என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு.

என்னுடைய வாதம் எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லிசனிங்கிலும் ரீடிங்கிலும் நாற்பது நாற்பது கேள்விகள், ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், விடை ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டது. அகாடமிக் ரீடிங்கில் சராசரியாக 23 சரியானால் 6, 30 சரியானால் 7. அதாவது ஒரு பேண்டுக்கு ஏழு கேள்வி, அரை பேண்டுக்கு மூன்றோ நான்கோ. விளிம்பில் இருப்பவருக்கு ஒரு கேள்வியே போதும் என்றாலும், சரியான விடையைத் தவறு என்று போட்டிருந்தால்தான் அதுவும் நடக்கும். இங்கே இரண்டு மனிதர்களின் தீர்ப்பு வேறுபட இடமில்லை. ஆகவே இந்த இரண்டு பகுதிகளுக்கு ஊர் சொல்லும் அறிவுரையே பெரும்பாலும் சரி. இந்தப் பகுதிகளின் திருத்தத்தில் தவறே நேராது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 ஆகஸ்ட் முதல் 2025 செப்டம்பர் வரை நடந்த தேர்வுகளில் ஒரு சிறு பகுதியில், தொழில்நுட்பக் கோளாறால் லிசனிங், ரீடிங் முடிவுகள் தவறாக வழங்கப்பட்டதை ஐஎல்ட்ஸ் அமைப்பே பின்னர் ஒப்புக்கொண்டது. 99 சதவீதத்துக்கு மேற்பட்ட தேர்வுகள் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. ஆனால் அமைப்பின் உள்ளேயே இருக்கும் இப்படிப்பட்ட கோளாறு தனி ஒருவரின் மறுமதிப்பீட்டில் சிக்கும் என்று நம்பக் காரணமில்லை. திறவுகோலே பிழையாக இருந்தால், அதே திறவுகோலை வைத்து இரண்டாம் முறை எண்ணுபவருக்கும் அதே எண்தான் வரும்.

மறுப்பவர்களின் வலுவான வாதம் பணத்தைப் பற்றியது. பேண்ட் மாறினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், மாறாவிட்டால் வைத்துக்கொள்ளலாம், அப்படியிருக்க மாற்றாமல் இருப்பதில்தானே அவர்களுக்கு லாபம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2021இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் இந்திய ஐஎல்ட்ஸ் பிரிவை ஐ.டி.பி. வாங்கியபின், இந்தத் தேர்வைப் பொறுத்தவரை இந்தியாவில் ஒரே கடைதான் என்பதையும் சேர்த்துக்கொண்டால் சந்தேகம் கூடத்தான் செய்யும். ஆனால் இதே தர்க்கத்தை முழுதாகப் பின்தொடர்ந்தால் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். மறுமதிப்பீட்டுக் கட்டணத்தைவிட முழுத் தேர்வுக் கட்டணம் பெரியது, அது எந்த நிலையிலும் திரும்ப வராது. லாப நோக்கம் மட்டுமே அங்கே ஆள்கிறது என்றால், நாம் மறுபடி எழுதுவதில்தான் அவர்களுக்குக் கூடுதல் லாபம். மறுமதிப்பீட்டில் லாபம் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அதே கடையில் அதைவிட விலை அதிகமான பொருளை வாங்கச் சொல்வது வாதமாகாது. அந்த அறிவுரையைத் தருபவர் பயிற்சி மையம் நடத்துபவராக இருந்தால், மறுபடி எழுதப் போகிறவர் மறுபடி வகுப்பிலும் சேருவார் என்பதையும் நினைவில் வைக்கலாம். எல்லா மையமும் இதற்காகவே சொல்கிறது என்பதில்லை, ஆனால் ஆதாயக் கணக்கு என்று வந்துவிட்டால் அதை ஒரு பக்கத்துக்கு மட்டும் போடக் கூடாது.

‘எனக்குத் தெரிந்த யாருக்கும் மாறவில்லை’ என்பது அடுத்தது. அது உண்மையாகவே இருக்கலாம். கேட்க வேண்டியது, அவர்கள் எதற்கு விண்ணப்பித்தார்கள் என்பதை. லிசனிங்கில் ஒரு முழு பேண்ட் வேண்டும் என்று கேட்டவரும், நான்கு பகுதியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவரும், இரண்டாம் கேள்விக்கு 190 சொல்லோடு நிறுத்திவிட்டு நம்பிக்கையோடு காத்திருந்தவரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். அவர்களுடைய தோல்வியிலிருந்து, அரை பேண்டில் நிற்கும் செவிலியரின் ரைட்டிங் தாளைப் பற்றி எதுவும் தெரியவராது.

இதற்கு நேர் எதிரான ஒரு பிழையும் உண்டு, அதற்கும் நான் துணை போக விரும்பவில்லை. ‘மற்ற மூன்றிலும் 7.5, ரைட்டிங்கில் மட்டும் 6, இது நிச்சயம் தவறான திருத்தம்’ என்று சிலர் கொதிப்பார்கள். நான்கு பகுதிகளில் ரைட்டிங்கில்தான் பொதுவாகச் சராசரி மிகக் குறைவாக வருகிறது. ஆங்கிலப் படம் பார்த்துக் காது பழகியவர், தினமும் ஆங்கிலத்தில் பேசுகிறவர்கூட, நாற்பது நிமிடத்தில் ஒரு கருத்தை எடுத்து நிறுவி எழுதப் பழகியிருக்க மாட்டார். எனவே ரைட்டிங் மற்றவற்றைவிடக் குறைவாக இருப்பது தனியாக எதையும் நிரூபிக்காது. நிரூபணத்துக்கு அருகில் வரக்கூடியது வேறொன்று. தேர்வு முடிந்த அன்றே, கேள்வியையும் நீங்கள் எழுதிய பதிலின் அமைப்பையும் நினைவிலிருந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கணினியில் எழுதியிருந்தால் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரிந்திருக்கும். அளவுகோல்களின் விவரம் பொதுவில் கிடைக்கிறது. முடிவு வந்தபின், உங்களுக்குப் பாடம் எடுக்காத ஒருவரிடம் அந்த எழுத்தைக் கொடுத்து நான்கு அளவுகோலிலும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். கேள்வியின் ஒரு பாதியைத் தொடவே இல்லை என்று அவர் சொன்னால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஆறா ஏழா என்று அவரே இரண்டு இடத்தில் தயங்கினால், அந்தத் தயக்கம்தான் விண்ணப்பிக்கக் காரணம்.

மறுமதிப்பீடு எதைச் செய்யாது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஹெட்போன் பாதியில் நின்றுபோனது, பக்கத்து அறையில் ஜெனரேட்டர் ஓடியது, கணினி உறைந்து ஐந்து நிமிடம் போனது போன்ற குறைகளுக்கும் விடைத்தாளைத் திரும்பத் திருத்துவதற்கும் சம்பந்தமில்லை. மூத்த தேர்வாளர் பார்ப்பது நீங்கள் எழுதியதை மட்டுமே, எழுத முடியாமல் போனதை அல்ல. அதற்கு மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்கிருக்கும் பொறுப்பாளரிடம் புகாரைப் பதிய வேண்டும். முடிவு வரும்வரை காத்திருந்து, மார்க் குறைந்தபின் புகார் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. இந்த இரண்டையும் கலந்துகொண்டு விண்ணப்பித்து ஏமாந்தவர்களும் ‘மறுமதிப்பீடு வீண்’ என்ற பேச்சுக்கு உரம் போட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி இப்போது இருக்கிறதே, மறுமதிப்பீடு எதற்கு என்ற கேள்விதான் இன்றைய நிலையில் எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுகிறது. கணினி வழியில் எழுதியவர்கள், தேர்வு நாளிலிருந்து 60 நாளுக்குள், ஏதாவது ஒரு பகுதியை ஒரு முறை திரும்ப எழுதலாம். நான்கு பகடை என்ற என் குறை இதற்குப் பொருந்தாது. ஆனால் இப்படிப் பெற்ற சான்றிதழை எல்லா நிறுவனங்களும் நாடுகளும் ஏற்பதில்லை, அதை முதலில் விசாரிக்க வேண்டும். ஏற்கிற இடமாக இருந்தாலும், இரண்டில் ஒன்று என்று நினைக்க வேண்டியதில்லை. முடிவு வந்த வாரத்திலேயே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தால், அது மூன்று வாரம் எடுத்தாலும் 60 நாள் முடிய அவகாசம் இருக்கும். மாறினால் கட்டணம் திரும்ப வரும், ஒரு பகுதியையும் திரும்ப எழுத வேண்டாம். மாறாவிட்டால், இரண்டாவது அளவீடும் முதல் அளவீட்டை உறுதிசெய்துவிட்டது, குறை எழுத்தில்தான் என்று தெரிந்துகொண்டு ரைட்டிங்குக்கு மட்டும் தயாராகலாம். சேர்க்கைக் கடைசித் தேதி பத்து நாளில் முடிகிறது என்றால் மட்டும் இந்த வரிசை உதவாது. அப்போது எந்த வழியும் பெரிதாக உதவாது.

தேர்வு நடத்துபவர்களை நான் இதனால் விட்டுவிடவில்லை. மறுமதிப்பீட்டின் முடிவில் விண்ணப்பித்தவருக்குக் கிடைப்பது ஒரு எண் மட்டும். எட்டுத் தீர்ப்புகளில் எது ஏறியது, எது இறங்கியது என்று தெரியாது, விடைத்தாளும் கிடைக்காது. இந்தியாவில் பொதுத் தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் சட்டத்தின்கீழ் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. தனியார் நிறுவனம் நடத்தும் வெளிநாட்டுத் தேர்வை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோல் வாரியான மதிப்பெண்ணை வெளியிடுவதற்குச் சட்டம் தேவையில்லை. அதை வெளியிட்டால், விளிம்பில் இல்லாதவர்கள் தாங்களாகவே விண்ணப்பிக்காமல் நின்றுவிடுவார்கள், இருப்பவர்கள் காரணத்தோடு கேட்பார்கள். அதைக் கேட்டுப் போராட வேண்டியவர்கள் பயிற்சி மையங்கள்தான். அவர்களோ மாணவர்களை அடுத்த தேதிக்குப் பதிவு செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முடிவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் தேதியை மட்டும் மறக்க வேண்டாம். அந்த ஆறு வாரம் முடிவு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, தேர்வு எழுதிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது.